ஸ்கேன் செய்த இரண்டு ஷெட்யூலில் எந்தக் கட்டம் மாறியிருக்கிறது?

கட்டட வேலைகளில் சதவீத டெண்டர் என்று ஒரு வகை உண்டு. ஐட்டம், அளவு, ரேட், தொகை எல்லாவற்றையும் துறையே போட்டு ஒரு ஷெட்யூலாகக் கொடுத்துவிடும். அந்த மொத்தத்துக்கு மேலே இத்தனை சதவீதம், அல்லது கீழே இத்தனை சதவீதம் என்று மட்டும் நாம் எழுதிப் போட வேண்டும். ஒரு கட்டத்தில் அளவு மாறினாலும் நாம் போடும் சதவீதத்தின் கணக்கு மாறிவிடும். அப்படிப்பட்ட ஷெட்யூல் ஒன்று வந்து, எல்லாம் கணக்குப் பார்த்து முடித்த பிறகு ஒரு கொரிஜெண்டம் வந்தது. "திருத்தப்பட்ட ஷெட்யூல் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரி. எது திருத்தப்பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. முதலில் வந்ததும் ஸ்கேன், இப்போது வந்ததும் ஸ்கேன்.

இரண்டு வகுப்பறையும் ஒரு வராந்தாவும் கொண்ட கட்டடம் அது. பழைய ஷெட்யூலில் 46 ஐட்டம், மொத்தம் 48,37,215 ரூபாய். புதியதில் 47 ஐட்டம், மொத்தம் 48,52,161 ரூபாய். வித்தியாசம் 14,946. எங்கள் அண்ணாச்சி இரண்டையும் பார்த்துவிட்டு, "பதினஞ்சாயிரம்தானே தம்பி, ஒரு ஐட்டம் சேத்திருக்கான், அவ்வளவுதான்" என்றார். ஒரு ஐட்டம் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த ஐட்டத்தின் தொகை 39,990. அதை மட்டும் சேர்த்திருந்தால் மொத்தம் நாற்பதாயிரம் கூடியிருக்க வேண்டும். வேறெங்கோ குறைந்தும் இருக்கிறது என்பது அந்த ஒரு கழித்தலிலேயே தெரிந்தது.

இந்த மாதிரி வேலை வந்தால் பலரும் முதலில் செய்வது, இரண்டு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. படங்களை ஒப்பிடும் மென்பொருளில் போட்டால் பக்கம் முழுவதும் சிவப்பாக வரும். ஸ்கேனருக்குள் காகிதம் கால் டிகிரி சாய்ந்து போயிருந்தாலே போதும், பக்கத்தின் மேலே பொருந்தும் எழுத்து கீழே பொருந்தாது. அதோடு நடுவில் ஒரு வரி சேர்ந்திருந்தால், அதற்குக் கீழே உள்ள எல்லாமே இறங்கியிருக்கும். எழுத்துணரி கொண்டு இரண்டையும் எழுத்தாக்கி ஒப்பிட்டாலும் இதே கதைதான். பழைய ஸ்கேனில் அது ஒரு விதமாகத் தப்பாகப் படிக்கும், புதியதில் வேறு விதமாகத் தப்பாகப் படிக்கும். கட்டக் கோட்டை 1 என்று படிக்கும், புள்ளியை விட்டுவிடும், 3-ஐ 8 ஆக்கும். உண்மையான மாற்றம் நான்கு இருந்தால் அது நாற்பது காட்டும். அந்த நாற்பதையும் நாம் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

அதனால் நான் ஒப்பிடுவதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாகப் படித்து, நான் படித்தது சரிதான் என்று அந்தப் பதிப்பின் கணக்கைக் கொண்டே உறுதி செய்வேன். ஷெட்யூலில் அதற்கு வசதி இருக்கிறது. அளவை ரேட்டால் பெருக்கினால் தொகை வர வேண்டும், தொகைகளைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். இரண்டு பதிப்பும் இப்படித் தானாக நின்ற பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

அதற்கும் முன்னால் ஸ்கேன் எப்படிப்பட்டது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

```
pdfimages -list old.pdf
pdftoppm -r 300 -gray -png old.pdf old
```

முதல் கட்டளை ஒவ்வொரு பக்கப் படத்தின் விவரத்தையும் காட்டும். அதில் `x-ppi` என்ற பத்தியில் 200-க்குக் கீழே இருந்தால் 3, 8, 5, 6 எல்லாம் தகராறு செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது கட்டளையில் 300 போட்டதால் இல்லாத தெளிவு வந்துவிடாது. பெரிதாக்கிப் பார்க்க வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் முக்கியமாகப் பார்ப்பது `enc` என்ற பத்தியை. அதில் `jbig2` என்று இருந்தால் கொஞ்சம் உஷாராக வேண்டும். கருப்பு வெள்ளை ஸ்கேனைச் சுருக்க இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு வகை, பக்கத்தில் ஒரே மாதிரித் தெரியும் வடிவங்களை ஒரு தடவை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். 6 கொஞ்சம் மங்கி 8 மாதிரித் தெரிந்தால், அங்கே அச்சு அசலான 8 வந்து உட்கார்ந்துகொள்ளும். மங்கலாக இருந்தால் நமக்குச் சந்தேகம் வரும். இது பளிச்சென்று இருக்கும், சந்தேகமே வராது. 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரங்களில் இதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார். பிடிபட்டதும் ஒரு கட்டட வரைபடத்தில்தான். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்த மூன்று அறைகள், ஸ்கேனில் மூன்றுமே 14.13 ஆகியிருந்தன. பிறகு அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. `jbig2` என்று இருப்பதாலேயே எண் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை, இழப்பில்லாத வகையும் உண்டு. ஆனால் படத்தை மட்டும் பார்த்து அது எந்த வகை என்று சொல்ல முடியாது. கணக்கு இடிக்கும் கட்டம் அப்படிப்பட்ட ஸ்கேனில் இருந்தால், அசல் காகிதத்தைப் பார்க்காமல் எதுவும் எழுதக் கூடாது.

அப்புறம் தட்டச்சு. எழுத்துணரியை நான் ஒதுக்குவதில்லை, முதல் வரைவுக்கு அது கைகொடுக்கும். ஆனால் எண்களைக் கண்ணால் பார்த்து அடித்ததைத்தான் நம்புவேன். இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிய ஷெட்யூலை அடிக்கும்போது பழையது மேசையிலேயே இருக்கக் கூடாது. பழையதில் 148.60 என்று பார்த்த கண், புதியதில் தேய்ந்துபோன 143.60-ஐயும் 148.60 என்றே படிக்கும். நாம் தேடுவது மாற்றத்தை, கண்ணோ மாறாததைத்தான் பார்க்க விரும்பும். முடிந்தால் ஒன்றை ஒருவரும் மற்றதை இன்னொருவரும் அடிப்பது உத்தமம். ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் போடும் பழைய முறை வேகமாகத்தான் போகும். ஆனால் வாசிப்பவரின் குரலைக் கேட்டே டிக் விழுந்துவிடும்.

ஒவ்வொரு எண்ணையும் இரண்டு கட்டமாக வைத்துக்கொள்வேன். ஒன்றில் அச்சில் இருப்பது இருக்கிறபடி, எழுத்தாக. இன்னொன்றில் கணக்குப் போட எண்ணாக. பழையதில் 612 என்றும் புதியதில் 612.00 என்றும் இருந்தால் எண் மாறவில்லை, அச்சு மட்டும் மாறியிருக்கிறது. அதை மாற்றம் என்று எழுதுவதா வேண்டாமா என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் முடிவு செய்தால் பாதி பட்டியல் ஒரு விதமாகவும் மீதி வேறு விதமாகவும் வரும்.

அச்சிலேயே பெருக்கல் தப்பாக இருப்பதும் உண்டு. அப்போது கை துறுதுறுக்கும், திருத்திவிடத் தோன்றும். திருத்தக் கூடாது. உள்ளதை உள்ளபடி அடித்து, பக்கத்தில் "அச்சில் கணக்கு இடிக்கிறது" என்று குறித்துக்கொள்ள வேண்டும். நம் வேலை மாறியதைச் சொல்வது. எது சரி என்பது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. இன்னொன்று, சில ஷெட்யூலில் ரேட் 10 சதுர மீட்டருக்கு என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் பெருக்கினால் வரிக்கு வரி பத்து மடங்கு வித்தியாசம் காட்டிப் பயமுறுத்தும்.

நம் ஷெட்யூலில் இந்தச் சோதனை எப்படி வேலை செய்தது என்று இரண்டு இடத்தைக் காட்டுகிறேன். பூமி மட்டத்துக்கு மேலே செங்கல் கட்டு: ரேட் கன மீட்டருக்கு 6,420. பழையதில் அளவு 148.60, தொகை 9,54,012. புதியதில் அளவு மங்கலாக 14-க்குப் பிறகு 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் இருந்தது. தொகை தெளிவாக 9,21,912. ரேட்டால் வகுத்தால் 143.60. ஆக, மங்கலான அந்த இலக்கம் 3 தான், மாற்றம் உண்மைதான். ஒரே இலக்கத்தை நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருந்தாலும் இந்த உறுதி கிடைத்திருக்காது.

இரண்டாவது, கம்பி. பழையதில் 8,450 கிலோ, புதியதில் 8,540 கிலோ. பார்த்தவுடன் யாருக்கும் தட்டச்சுப் பிழை என்றுதான் தோன்றும். கணக்கர்களுக்குத் தெரிந்த ஒரு வித்தை இருக்கிறது: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். இங்கே 90. சந்தேகம் இன்னும் கூடிற்று. ஆனால் ரேட் 78.40, பழைய தொகை 6,62,480, புதிய தொகை 6,69,536. இரண்டு பதிப்பிலும் பெருக்கல் பைசா பிசகாமல் நின்றது. நாங்கள் அடித்தது சரி. புதிய ஷெட்யூல் போட்டவர் கை தவறி மாற்றிப் போட்டாரா, அளவெடுத்துத்தான் மாற்றினாரா என்பது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மாறியிருக்கிறது, அவ்வளவுதான் பட்டியலுக்கு வேண்டும்.

இரண்டு பதிப்பும் தனித்தனியாகச் சரியாக நின்ற பிறகு வரிகளைப் பொருத்த வேண்டும். வரிசை எண்ணை நம்பிப் பொருத்தவே கூடாது. நம் ஷெட்யூலில் நான்காவதாகக் கரையான் தடுப்பு மருந்து அடிக்கும் ஐட்டம் புதிதாக நுழைந்திருந்தது. அதன் பிறகு பழைய 4 புதிய 5, பழைய 5 புதிய 6. எண்ணை வைத்துப் பொருத்தினால் அதற்குக் கீழே 43 ஐட்டமும் மாறிவிட்டதாகக் காட்டும். ஐட்டத்தின் விவரம், அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, எந்தத் தளம், என்ன அலகு, இந்த நான்கையும் சேர்த்துத்தான் அடையாளமாக வைக்க வேண்டும். தளம் ஏன் என்றால், மாடிக் கட்டடங்களில் ஒரே விவரம் தளத்துக்குத் தளம் திரும்ப வரும். பழைய பக்கத்தில் இல்லாத வரிக்கு நேராக ஒரு வெற்று வரியை நுழைத்துவிட்டால் மற்றதெல்லாம் நேராகிவிடும்.

வரிகள் நேரானதும் இரண்டு சூத்திரம் போதும். D, K பத்திகளில் அச்சில் உள்ளபடியான அளவு, G, N பத்திகளில் தொகை என்று வைத்துக்கொண்டால்:

```
=IF(EXACT(D2,K2),"","மாற்றம்")
=SUM(N$2:N2)-SUM(G$2:G2)
```

முதலாவது கட்டத்துக்குக் கட்டம் பார்ப்பது. ரேட், அலகு பத்திகளுக்கும் அதையே போட வேண்டும். ஒரே வரியில் அளவு கூடி ரேட் குறைந்து தொகை அப்படியே இருந்தால் அதைப் பிடிப்பது இதுதான். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதை ஓடும் வித்தியாசம் என்று நாங்கள் சொல்வோம். முதல் மூன்று ஐட்டம் வரை பூஜ்யம். கரையான் மருந்து வந்ததும் 39,990. அதே 39,990 வரிக்கு வரி மாறாமல் இறங்கிக்கொண்டே வந்தது. செங்கல் கட்டு வந்ததும் 32,100 குறைந்து 7,890 ஆனது. அங்கிருந்து கம்பி வரை 7,890. கம்பியில் 7,056 கூடி 14,946. அதன் பிறகு கடைசி வரை ஒரே எண். முதலில் பார்த்த மொத்த வித்தியாசமும் அதே 14,946. தொகை மாறிய இடங்கள் மூன்றுதான், நான்காவது இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பக்க மொத்தங்களை வைத்து இதைச் செய்ய முடியாது. புதிய ஐட்டத்தின் விவரம் நாலைந்து வரி ஓடியதால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி ஐட்டம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. பக்க மொத்தம் எல்லாமே மாறியிருந்தது. ஓடும் வித்தியாசத்துக்குப் பக்கம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு ஐட்டம் இடம் மட்டும் மாறியிருந்தாலும் அதில் தெரிந்துவிடும்: எண் ஓரிடத்தில் இறங்கியோ ஏறியோ, சில வரி கழித்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் பெரிய ஆபத்தை விட்டுவிடுவோம். கணக்கு பார்ப்பது எண்களை மட்டும்தான். ஐட்டத்தின் விவரத்தை எந்தப் பெருக்கலும் காவல் காக்காது. ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக இருக்கும் அந்த விவரங்களை யாரும் இரண்டு தடவை முழுசாக அடிக்கப் போவதில்லை. நாங்கள் ஒரு ஐட்டத்தின் விவரப் பத்தியை மட்டும் இரண்டு ஸ்கேனிலிருந்தும் வெட்டி, கிம்ப் மென்பொருளில் இரண்டு அடுக்காகப் போட்டு, சாய்வை நேராக்கிவிட்டு, மேல் அடுக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். மாறாத எழுத்து அசையாமல் நிற்கும், மாறிய எழுத்து துள்ளும். 1930-ல் கிளைடு டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்ததும் இரண்டு நாள் எடுத்த வானப் படங்களை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத்தான். முழுப் பக்கத்துக்கு ஒத்துவராத முறை, ஒரு சின்னப் பத்திக்கு அருமையாக ஒத்துவரும்.

விவரத்தைத் திரும்ப அடித்திருந்தால் வரி உடையும் இடங்கள் மாறிவிடும், அப்போது இந்த வித்தையும் பலிக்காது. அங்கே எழுத்துணரி கொடுத்த எழுத்திலிருந்து எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்ப்பேன்: கலவை விகிதம், மில்லிமீட்டர், கான்கிரீட் தரம், ஐ.எஸ். எண். கூடவே இன்க்ளூடிங், எக்ஸ்க்ளூடிங் என்ற இரண்டு வார்த்தை. ஷெட்யூலில் பணம் இருப்பது இவற்றில்தான். மற்றச் சொற்களை ஒரு முறை வாசித்தால் போதும்.

பூச்சு ஐட்டத்தில் அகப்பட்டது. 12 மில்லிமீட்டர் பூச்சு, 612 சதுர மீட்டர், ரேட் 268.50, தொகை 1,64,322. எண் எதுவும் மாறவில்லை, ஓடும் வித்தியாசமும் அசையவில்லை. ஆனால் பழையதில் கலவை 1:5, புதியதில் 1:4. இந்தப் பரப்புக்கு அந்த ஒரு இலக்கம் கிட்டத்தட்ட 10 மூட்டை சிமெண்ட் கூடுதல், அதே ரேட்டில். தொகை பெரிதில்லைதான். ஆனால் அண்ணாச்சி "ஒரு ஐட்டம் சேத்திருக்கான்" என்று விட்டிருந்தால், வேலை நடக்கும்போது என்ஜினீயர் கலவையைப் பார்த்துக் கேட்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

படிக்க முடியாத கட்டமும் ஒன்று இருந்தது. டிஸ்டெம்பர் ஐட்டத்தின் ரேட் மேல் முத்திரை விழுந்து நடு இலக்கம் மறைந்துவிட்டது. அளவு 84.00, தொகை 13,146. வகுத்தால் 156.50, பழைய ரேட்டும் அதுதான். அதை "மாறவில்லை" என்று எழுதாமல் "படிக்க முடியவில்லை, கணக்கின்படி 156.50" என்று எழுதினேன். படித்ததும் கணக்கால் வந்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டால், பிறகு யாராவது கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

கடைசியாக வந்த பட்டியல் இது:

| பழைய எண் | புதிய எண் | ஐட்டம் | பத்தி | பழையது | புதியது |
|---|---|---|---|---|---|
| இல்லை | 4 | கரையான் தடுப்பு | முழு வரி | இல்லை | 186.00 × 215.00 = 39,990 |
| 11 | 12 | செங்கல் கட்டு | அளவு | 148.60 | 143.60 |
| 19 | 20 | கம்பி | அளவு | 8,450 | 8,540 |
| 28 | 29 | பூச்சு | விவரம் | 1:5 | 1:4 |
| 36 | 37 | டிஸ்டெம்பர் | ரேட் | 156.50 | படிக்க முடியவில்லை (கணக்கின்படி 156.50) |

அளவு மாறியதால் தொகை மாறியதைத் தனி மாற்றமாக எழுதவில்லை. எழுதினால் ஒரே மாற்றம் இரண்டாகத் தெரியும். வரிசை எண் நகர்ந்ததையும் எழுதவில்லை, அது முதல் வரியின் விளைவு. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஸ்கேனிலிருந்தும் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டிய படங்களைப் பக்க எண்ணோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். யார் சந்தேகப்பட்டாலும் அதைக் காட்டினால் முடிந்தது, திரும்ப முழு ஷெட்யூலைப் புரட்ட வேண்டியதில்லை.

அண்ணாச்சி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுப் பூச்சு வரியில் விரலை வைத்தார். "இதை மட்டும் எழுத்துல கேட்டிரு தம்பி. டெண்டர் போடுறதுக்கு முன்னால பதில் வரணும்." கேள்வியை ஒரே வரியாக எழுதி அனுப்பினோம்: ஐட்டம் 29-ல் கலவை 1:5-லிருந்து 1:4 ஆகியிருக்கிறது, ரேட் 268.50 மாறவில்லை, இந்த ரேட் எந்தக் கலவைக்கு உரியது?